சில்லிட்டிருக்கும் விரல்கள்: இரும்பின் இருப்பும் தைராய்டின் பங்கும்

பெங்களூருவில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் பணிபுரியும் 26 வயதுப் பெண் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். உடன் அவருடைய தாயாரும் வந்திருந்தார். பேச்சைத் தொடங்கியவர் தாயார்தான். "டாக்டர், சித்திரை வெயிலிலும் இவள் கை பனிக்கட்டி மாதிரி இருக்கிறது. இரவில் காலுறை போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். இந்த ஊர் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்" என்றார். மகளோ, அலுவலகத்தின் குளிர்சாதனக் கருவியே காரணம் என்று உறுதியாக நம்பினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவ்வேலையில் சேர்ந்தபின்தான் இத்தொல்லை தொடங்கியது என்பது அவர் கணக்கு.

இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், எழுத்துக் குறிப்பைவிட நான் முதலில் நம்புவது என் கையை. அப்பெண்ணின் விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். அவை உண்மையிலேயே குளிர்ந்திருந்தன. இது அற்பமான சோதனையாகத் தோன்றலாம். ஆனால், 'கை குளிர்கிறது' என்று வருவோரில் சிலருக்குக் கை தொடுவதற்கு வெதுவெதுப்பாகவே இருக்கும். குளிர்வது போன்ற உணர்வு மட்டுமே இருக்கும். அவ்வாறாயின் நாம் தேட வேண்டிய இடம் நரம்பு. நீரிழிவு, வைட்டமின் பி12 குறைவு போன்றவை நரம்பைத் தாக்கும்போது இத்தகைய பொய்க்குளிர் தோன்றும். வீட்டில் உள்ள ஒருவர் தம் கன்னத்தில் அக்கையை வைத்துப் பார்த்தாலே இவ்விரண்டையும் பிரித்தறிந்துவிடலாம்.

விரல்கள் ஏன் முதலில் குளிர்கின்றன?

நம் உடலின் உள்ளுறுப்புகள் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருந்தாக வேண்டும். அந்த வெப்பத்தைக் காக்கும் பொறுப்பு மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதிக்கு உரியது. வெளியே வெப்பம் குறையும்போது அது செய்யும் முதற்காரியம், தோலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைப்பதாகும். தோலில் உள்ள சிறு தமனிகள் சுருங்குகின்றன. வெதுவெதுப்பான இரத்தம் உள்ளேயே தங்குகிறது.

இந்தச் சிக்கன நடவடிக்கை உடல் முழுவதும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. விரல் நுனி, உள்ளங்கை, உள்ளங்கால், காது மடல் ஆகிய இடங்களில் தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கும் குறுக்கு வழிகள் மிகுதியாக உள்ளன. அவை திறந்திருந்தால் இரத்தம் வெள்ளமாகப் பாய்ந்து வெப்பத்தை வெளியேற்றும். அவை மூடிக்கொண்டால் விரலுக்கு வரும் இரத்தம் மிகச் சிறு பங்காகக் குறைந்துவிடும். விரல்களில் வெப்பம் உண்டாக்கும் தசை ஏறக்குறைய இல்லை. பருமனுக்குப் பொருந்தாத அளவில் அவற்றின் மேற்பரப்பு பெரிது. எனவே, இரத்தவரத்து குறைந்த விரல் சிறிது நேரத்திலேயே அறையின் வெப்பநிலையை நோக்கி இறங்குகிறது. கணினி விசையின் மேல் அசையாமல் வைத்திருக்கும் கை, நடந்து திரிபவரின் கையைவிட விரைவில் குளிர்வதும் இதனால்தான்.

இதில் பெண்களுக்குத் தனி இயல்பு ஒன்று உண்டு. ஆண்களைவிடப் பெண்களின் தோல் நாளங்கள் குளிருக்கு எளிதில் சுருங்குகின்றன. மாதவிடாய்ச் சுழற்சியின் பிற்பாதியில், கருமுட்டை வெளியான பிறகு, உடலின் உள்வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி வரை உயர்கிறது. அந்த உயர்ந்த அளவைக் காப்பதற்காக நாளங்கள் இன்னும் முன்கூட்டியே சுருங்கத் தொடங்கும். ஆதலால், அந்நாட்களில் கை கூடுதலாகக் குளிர்வதாகப் பல பெண்கள் சொல்வது கற்பனையன்று. ஒல்லியான உடலமைப்பு, பட்டினிக்கு நெருக்கமான உணவுக் கட்டுப்பாடு, புகைப்பழக்கம் ஆகியவையும் இதே திசையில் செயல்படுகின்றன. ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் கொடுக்கப்படும் புரோப்ரனலால் போன்ற மாத்திரைகளும், மூக்கடைப்புக்கு வாங்கும் சில மருந்துகளும் விரல்களைக் குளிரச் செய்யும். நான் எந்த இளம்பெண்ணிடமும் மருந்துப் பட்டியலைக் கேட்காமல் மேலே செல்வதில்லை.

குளிர்ந்த கையுடைய இளம்பெண்கள் பலருக்கு எந்த நோயும் இராது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பள்ளி நாட்களிலிருந்தே கை குளிர்ந்திருப்பவர், களைப்பின்றி நடமாடுபவர், மாதவிடாய் சீராக உள்ளவர் ஆகியோர் கையுறையும் காலுறையும் அணிந்துகொண்டு நிம்மதியாக இருக்கலாம். எனினும், முன்பு இல்லாத குளிர்ச்சி புதிதாக வந்து நிலைத்திருந்தால், அதற்குக் கணக்குக் கேட்க வேண்டும். இப்பெண்ணுக்கு அது மூன்று ஆண்டுகளாக வளர்ந்து வந்திருந்தது.

இரத்த ஓட்டத்தைப் பார்த்தல்

விரல்கள் நிறம் மாறுகின்றனவா என்று கேட்டேன். குளிர்ந்த நீரில் கை வைத்தவுடன் ஓரிரு விரல்கள் சுண்ணாம்பு போல வெளுத்து, வெளுப்புக்கும் இயல்பான நிறத்துக்கும் இடையே கோடு கிழித்தாற்போல் எல்லை தெரிந்து, பின்னர் நீலம் பாய்ந்து, சூடேறும்போது சிவந்து வலித்தால், அது வேறு வகை. 1862ஆம் ஆண்டில் மாரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதனை விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மாநிறமும் கருநிறமும் உடைய கைகளில் வெளுப்பை விரலின் உட்புறத்திலும் நகத்தடியிலும்தான் தெளிவாகக் காண முடியும். அந்நேரத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வந்தால் மருத்துவருக்குப் பேருதவியாகும். அவர் முன்னிலையில் அது நிகழ்வது அரிது.

இளம்பெண்களுக்கு வரும் ரேனோ பெரும்பாலும் தீங்கற்றது. இரு கைகளிலும் சமமாக வரும். புண் உண்டாக்காது. விரல் நுனியில் ஆறாத புண், தோல் இறுகிப் பளபளத்தல், மூட்டு வலி, முகத்தில் செந்தடிப்பு, அல்லது ஒரு கையில் மட்டும் குளிர்ச்சி ஆகியவை இருந்தால் தாமதியாமல் சிறப்பு மருத்துவரைக் காண வேண்டும். முதல் நான்கும் தோலையும் மூட்டுகளையும் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களின் அறிகுறிகளாக இருக்கலாம். ஒரு கை மட்டும் குளிர்வது ஒரு தமனியில் அடைப்பு இருப்பதைக் காட்டலாம்.

நம் நோயாளிக்கு நிறமாற்றம் இல்லை. இரு மணிக்கட்டிலும் நாடி நன்றாக ஓடியது. ஆனால் சற்று விரைவாக, நிமிடத்துக்கு 96 முறை துடித்தது. கீழிமையை விலக்கிப் பார்த்தபோது உட்புறம் வெளிறியிருந்தது. நகங்கள் தட்டையாகியிருந்தன. இதன்பின் நான் கேட்ட கேள்வி தாயாருக்கு வியப்பளித்தது: "பச்சரிசி சாப்பிடும் பழக்கம் உண்டா?" மகள் வெட்கத்துடன் தலையசைத்தார். மேசையின் இழுப்பறையில் ஒரு டப்பா நிறைய அரிசி வைத்திருப்பதாகச் சொன்னார். பச்சரிசி, பனிக்கட்டி, சுண்ணக்கட்டி, மண் ஆகியவற்றின் மீது அடக்க முடியாத ஆசை எழுவது இரும்புச்சத்துக் குறைவின் விந்தையான, ஆனால் நம்பத்தக்க அடையாளம். அரிசி தின்பதால் இரத்தம் கெடுகிறது என்று வீடுகளில் அதட்டுவார்கள். பெரும்பாலும் இரும்பு குறைந்ததன் விளைவாகவே அந்த ஆசை வருகிறது. இரும்பு ஏறியதும் சில நாட்களிலோ வாரங்களிலோ தானே மறைந்துவிடும்.

நடப்புக் கணக்கும் சேமிப்பும்

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9.4 கிராம் என்று வந்தது. கருவுறாத வயது வந்த பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இவ்வரையறைக்குள் வருகின்றனர். இவ்வளவு பேருக்கு இருப்பதால் அதனை இயல்பு என்று கருதும் மனப்பான்மை குடும்பங்களில் மட்டுமன்றி மருத்துவர்களிடமும் உண்டு. '9.4 தானே, பரவாயில்லை' என்று அப்பெண்ணின் பழைய அறிக்கை ஒன்றைப் பார்த்து யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

இரத்தசோகை எவ்வாறு கையைக் குளிரச் செய்கிறது? ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். சுமப்பவர் குறைந்தால், இருக்கும் ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் ஒதுக்க வேண்டியதாகிறது. அதற்காக உடல் தோலின் நாளங்களைச் சுருக்குகிறது. இதயம் விரைந்து துடித்து ஈடுசெய்ய முயல்கிறது. இவரது நாடி விரைவுக்கு இதுவே காரணம். இது கதையின் ஒரு பாதி. மறுபாதி வெப்ப உற்பத்தி. உயிரணுக்களுக்குள் உணவை எரித்து வெப்பம் உண்டாக்கும் நொதிகள் பலவற்றில் இரும்பு ஓர் உறுப்பாக உள்ளது. ஆகவே, இரும்பு குறைந்த உடலில் வெப்பத்தைக் கொண்டுசெல்லும் வழியும் குறுகுகிறது, அடுப்பும் மங்குகிறது. குளிர்ந்த நீரில் அமரச் செய்து பார்த்த ஆய்வில், இரும்புக் குறைவால் இரத்தசோகை உற்ற பெண்கள் மற்றவர்களைவிட விரைவில் உடல்வெப்பத்தை இழந்தனர் என்று கண்டறியப்பட்டுள்ளது.

ஹீமோகுளோபின் குறைந்தது என்பதோடு நின்றுவிடக் கூடாது. எதனால் குறைந்தது என்று அறிய வேறு இரண்டு எண்கள் தேவை. சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. இவருக்கு 71 என இருந்தது. 80க்குக் கீழே என்றால் அணுக்கள் சிறுத்துவிட்டன என்று பொருள். இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 மட்டுமே. வங்கி வாடிக்கையாளர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஹீமோகுளோபின் நடப்புக் கணக்கு, ஃபெரிட்டின் வைப்புத்தொகை. செலவு மிஞ்சும்போது உடல் முதலில் வைப்புத்தொகையை உடைத்து நடப்புக் கணக்கை நிரப்பிக்கொண்டிருக்கும். வைப்பு முழுவதும் தீர்ந்த பிறகே நடப்புக் கணக்கு இறங்கத் தொடங்கும். ஆகவே, ஹீமோகுளோபின் 12.2 என்று வந்து, ஃபெரிட்டின் 10 என்று இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இரத்தசோகை இல்லை. ஆனால் களைப்பும் முடி உதிர்தலும் இருக்கக்கூடும். ஃபெரிட்டின் 15க்குக் குறைந்தால் சேமிப்பு தீர்ந்தது என்று கொள்ளலாம். நடைமுறையில் 30க்குக் குறைந்தாலே பல மருத்துவர்கள் கவனம் கொள்கின்றனர். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், உடல் நலமாக உள்ள நாளில் பரிசோதிப்பது நல்லது.

இந்த இரண்டாம் எண்ணுக்கு நம் நாட்டில் மற்றொரு பயன் உண்டு. சிவப்பணுக்கள் சிறுத்திருந்து, ஃபெரிட்டின் போதிய அளவில் இருந்தால், அது தலசீமியா மரபுக்கூறாக இருக்கலாம். அத்தகையோருக்குத் தேவையின்றி ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுக்கப்பட்டதை நான் கண்டிருக்கிறேன். திருமணத்துக்கு முன் அதனை அறிந்துகொள்வதும் அவசியம். கணவன் மனைவி இருவருக்கும் அக்கூறு இருந்தால் பிள்ளைக்குக் கடும் நோய் வரக்கூடும்.

மூன்றாண்டுக் கணக்கு

இரும்பு எங்கே போயிற்று? விடை அப்பெண்ணின் அடுத்த பதிலில் இருந்தது. மாதவிடாய் ஏழு நாள் நீடிக்கும். முதல் இரண்டு நாட்கள் இரண்டு மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற நேரிடும். இரவிலும் எழ வேண்டியிருக்கும். கட்டிகள் வெளிப்படும். 'எல்லோருக்கும் இப்படித்தான்' என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தார். வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து போக்கு மிகுந்தது என்று யோசித்துச் சொன்னார்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இயல்பான மாதவிடாயில் 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறும். 80 மில்லிலிட்டரைக் கடந்தால் மிகை. இவருடையது 100 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 0.45 மில்லிகிராம் இரும்பு உள்ளதால், மாதம் 45 மில்லிகிராம், அதாவது நாளொன்றுக்கு 1.5 மில்லிகிராம் செலவு. தோல், குடல் வழியாக எவருக்கும் அன்றாடம் கழியும் 1 மில்லிகிராமையும் சேர்த்தால் 2.5 மில்லிகிராம். வரவைப் பார்ப்போம். இவர் மரக்கறி உண்பவர். உணவில் நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்பு இருந்தாலும், தானியம், கீரை, பருப்பு ஆகியவற்றின் இரும்பில் பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேரும் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். அது 1.5 மில்லிகிராம். நாள்தோறும் 1 மில்லிகிராம் பற்றாக்குறை. மூன்று ஆண்டுகளில் அது ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் ஆகிறது.

52 கிலோ எடையுள்ள இவருடைய ஹீமோகுளோபினை 13க்கு உயர்த்தி, சேமிப்பையும் ஓரளவு நிரப்பத் தேவையான இரும்பை மருத்துவர்கள் பயன்படுத்தும் வாய்பாட்டின்படி கணக்கிட்டால், அதுவும் ஏறக்குறைய 950 மில்லிகிராம் என்றே வருகிறது. உடலின் கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது எப்போதும் நிகழ்வதில்லை. ஆனால், குளிர்சாதனக் கருவி மீது விழுந்த பழி எங்கே சேர வேண்டியது என்பதை இந்த எண்கள் காட்டிவிட்டன.

தாயார் இதற்குள் பேரீச்சம்பழமும் பீட்ரூட் சாறும் தொடங்கியிருந்தார். பேரீச்சை நல்ல உணவுதான். பீட்ரூட்டின் சிவப்பு இரும்பினால் வந்ததன்று. அது ஒரு தாவர நிறமி. நாளுக்கு அரை மில்லிகிராம் கூடுதலாக உணவிலிருந்து உடலில் சேர்த்தாலும், 950 மில்லிகிராமை அடைக்க ஐந்து ஆண்டுகள் ஆகும். அதுவும், இழப்பு நின்றிருந்தால்தான். இத்தகைய கடனை உணவால் மட்டும் அடைக்க இயலாது. உணவு, மீண்டும் கடன் வராமல் காக்கும்.

தைராய்டு எண்ணில் ஒரு சிக்கல்

கை கால் குளிர்ச்சி என்றவுடன் பலரும் நினைப்பது தைராய்டு. அது நியாயமே. கழுத்தின் முன்புறம் உள்ள இச்சுரப்பியின் ஹார்மோன், உடல் எவ்வளவு வேகத்தில் எரிசக்தியைச் செலவிட வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. அது குறைந்தால் வெப்ப உற்பத்தி தாழ்கிறது. தாழ்ந்த வெப்பத்தைக் காக்கத் தோல் நாளங்கள் சுருங்குகின்றன. தைராய்டு குறைந்தவரின் கை குளிர்ந்திருப்பதோடு உலர்ந்து சொரசொரப்பாகவும் இருக்கும். நாடி மெதுவாக ஓடும். மலச்சிக்கல், எடை ஏறுதல், குரல் தடித்தல், பகல் தூக்கம் ஆகியவை கூடவே வரும். இரத்தசோகையில் நாடி விரையும், தைராய்டுக் குறைவில் தளரும். விரலைத் தொட்ட கையை மணிக்கட்டுக்கு நகர்த்தினாலே முதல் துப்பு கிடைத்துவிடுகிறது.

இப்பெண்ணின் டி.எஸ்.எச். அளவு 6.1. ஆய்வகத் தாளில் இயல்பின் மேல் எல்லை 4 என்று அச்சிட்டிருந்ததால், அவ்வெண் தடித்த எழுத்தில் இருந்தது. தைராய்டு மாத்திரையை உடனே தொடங்க வேண்டுமா என்று தாயார் கேட்டார். டி.எஸ்.எச். என்பது தைராய்டின் சுரப்பன்று. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி, தைராய்டை விரட்டி வேலை வாங்க அனுப்பும் கட்டளை. கட்டளை சற்று உரக்க ஒலிக்கிறது. ஆனால் உண்மைச் சுரப்பாகிய 'ஃப்ரீ டி4' இவருக்கு இயல்பாகவே இருந்தது. இந்நிலையில் ஒரே ஒரு பரிசோதனையைக் கொண்டு நெடுங்கால மாத்திரையைத் தொடங்குவது அவசரம் என்பது என் கருத்து. டி.எஸ்.எச். 4க்கும் 10க்கும் இடையில் இருப்போரில் கணிசமானோருக்கு இரண்டு மூன்று மாதங்களில் அது தானே இயல்புக்குத் திரும்பிவிடுகிறது.

காத்திருந்து பார்க்க இவர் விஷயத்தில் மற்றொரு காரணமும் இருந்தது. தைராய்டு ஹார்மோனை உருவாக்கும் முதன்மை நொதி, இரும்பைத் தன்னுள் கொண்ட ஒரு புரதம். இரும்பு தீர்ந்தால் அந்நொதி சுணங்கும். பிட்யூட்டரியின் கட்டளை உயரும். ஆகவே, இரும்பைச் சீர்செய்த பின்னரும் 6.1 நீடிக்கிறதா என்று பார்ப்பதே முறை. எதிர்த்திசையிலும் தொடர்பு உண்டு. தைராய்டுக் குறைவு மாதவிடாய்ப் போக்கை மிகுவித்து இரும்பை வற்றச் செய்யலாம். ஆதலால், தைராய்டு எதிர்ப்பொருள் பரிசோதனை ஒன்றைச் செய்தோம். அது இல்லை என்று வந்தது. அது இருந்திருந்தால், அல்லது டி.எஸ்.எச். 10ஐத் தாண்டியிருந்தால், அல்லது அவர் விரைவில் கருவுற விரும்பியிருந்தால், என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

ஓர் இடைக்குறிப்பு: முடி உதிர்வுக்காக அப்பெண் பயோட்டின் மாத்திரை எடுத்துவந்தார். மிகு அளவிலான பயோட்டின், பல ஆய்வகங்களின் தைராய்டு பரிசோதனையைத் தவறாகக் காட்டச் செய்யும். பெரும்பாலும் டி.எஸ்.எச்.ஐ உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். எனவே அதனை நிறுத்திவிட்டு, மூன்று நாட்கள் கழித்து மீண்டும் எடுத்த அளவுதான் மேற்சொன்ன 6.1. முதல் தாளில் அது 3.2 என்று வந்து, எல்லாம் நலம் என்பது போல் தோன்றியது.

சிகிச்சை சென்ற வழி

100 மில்லிகிராம் இரும்பு தரும் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் எடுக்கச் சொன்னேன். நாள்தோறும் இரண்டு வேளை என்பதே பழைய வழக்கம். ஒரு மாத்திரை உள்ளே சென்றதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளை வெளியிட்டு, ஏறக்குறைய ஒரு நாளுக்குக் குடலின் வாயிலைச் சாத்திவிடுகிறது என்பது பின்னர் தெரியவந்தது. சாத்திய வாயிலில் தள்ளிய இரும்பு குடலிலேயே தங்கிக் குமட்டலும் மலச்சிக்கலும் உண்டாக்கும். அதற்கு அஞ்சியே பலர் மாத்திரையைக் கைவிடுகின்றனர். மலம் கருமையாவது மாத்திரையால் வருவது, அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் முன்பே சொல்லிவிட்டேன்.

இவருடைய அலுவலகப் பழக்கத்தில் மாற்ற வேண்டியது ஒன்று இருந்தது. காலை உணவோடும் மதிய உணவுக்குப் பின்னும் தேநீர். தேநீரிலும் காபியிலும் உள்ள சில பொருள்கள் தாவர இரும்பைப் பிணைத்துக்கொள்கின்றன. உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி வைத்தால் போதும். தேநீரைத் துறக்கத் தேவையில்லை. பருப்பிலும் கீரையிலும் எலுமிச்சை பிழிவதும், உணவோடு கொய்யா அல்லது நெல்லிக்காய் சேர்ப்பதும் எதிர்வினை புரிந்து இரும்பைச் சேர்க்கின்றன. கால்சியம் மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது தனி. தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு அல்லது கால்சியம் மாத்திரைக்கும் நான்கு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும். இல்லையேல் தைராய்டு மருந்து உடலில் சேராது. அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் பலன் தெரியாமல் திகைப்போரில் பலர் செய்யும் பிழை இதுதான்.

மகளிர் மருத்துவரிடம் அனுப்பிக் கருப்பையை அல்ட்ராசவுண்ட் மூலம் பார்த்ததில் கட்டி எதுவும் இல்லை. மிகைப்போக்கு நாட்களில் மட்டும் எடுக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையை அவர் பரிந்துரைத்தார். இழப்பைக் குறைக்காமல் இரும்பை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது. பூப்பெய்திய நாளிலிருந்தே போக்கு மிகுந்தவர்களுக்கும், பல் பிடுங்கும்போது இரத்தம் எளிதில் நிற்காதவர்களுக்கும் இரத்த உறைவுக் கோளாறு உண்டா என்றும் பார்க்க வேண்டும். இவருக்கு அந்த வரலாறு இல்லை.

நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் 10.8க்கு வந்தது. ஒரு மாதத்தில் ஒரு கிராமேனும் ஏறினால் சிகிச்சை சரியான வழியில் செல்கிறது என்று கொள்ளலாம். ஏறாவிட்டால், மாத்திரை தவறுகிறதா, இழப்பு தொடர்கிறதா, கோதுமைப் புரத ஒவ்வாமை போன்ற குடல் நோயால் இரும்பு உறிஞ்சப்படவில்லையா, நோயே வேறா என்று திரும்ப ஆராய வேண்டும். அப்போதுதான் சிரை வழியாக இரும்பு செலுத்துவதைப் பற்றிப் பேசலாம். பத்தாம் வாரத்தில் ஹீமோகுளோபின் 12.3, ஃபெரிட்டின் 19, டி.எஸ்.எச். 3.7. அரிசி டப்பா மேசையை விட்டுப் போய்ப் பல வாரங்கள் ஆகியிருந்தன. நாடி 78க்கு இறங்கியிருந்தது.

கைகள்? வெதுவெதுப்பாகிவிட்டன என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். காலுறையின்றி உறங்குகிறார், படியேறும்போது மூச்சு வாங்குவதில்லை, வீட்டில் கை குளிர்வதில்லை. ஆனால் அலுவலகத்தில் மதியம் மூன்று மணிக்கு விரல் நுனிகள் இன்னும் சற்றுக் குளிர்கின்றன. அவ்வளவு பங்கு அவருடைய இயல்பான நாளங்களுக்கும் குளிர்சாதனக் கருவிக்கும் உரியது. உடலின் நடுப்பகுதி குளிர்ந்தால் மூளை விரல்களின் நாளங்களை மூடும் என்பதால், கையுறையைவிட ஒரு மேற்சட்டை அணிவது கைகளை நன்கு காக்கும் என்று சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்கவும் சொன்னேன்.

இந்த இடத்தில்தான் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். நடப்புக் கணக்கு நிரம்பிவிட்டது, வைப்புத்தொகை இன்னும் 19தான். மேலும் மூன்று மாதங்கள் மாத்திரையைத் தொடரச் சொல்லி, அதன் முடிவில் ஃபெரிட்டினையும் டி.எஸ்.எச்.ஐயும் மீண்டும் பார்க்க நாள் குறித்துக் கொடுத்தேன். தாயார் எழுந்துகொண்டே, "டாக்டர், எனக்கும் இதெல்லாம் ஒருமுறை பார்த்துவிடலாமா?" என்றார். அவருடைய இமையைப் பார்த்துவிட்டு, அன்றே சீட்டு எழுதிக் கொடுத்தேன்.